காரை வீட்டில் விட்டு ஊருக்குப் போகும்போது...

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊருக்கு வந்தால் மூன்று நான்கு மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பெற்றோருக்கு அது வருடா வருடம் நடப்பது. போகும்முன் பாலை நிறுத்துவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்ப்பார்கள். வாசலில் நிற்கும் காரை மட்டும் பூட்டிவிட்டுப் போவார்கள். ஓடாத அந்தக் காருக்கும் மாதாமாதம் சாலை வரி போய்க்கொண்டே இருக்கும்.

ஓடாத காலத்துக்கு வரி கட்டாமல் இருக்க அங்கே சட்டப்படி ஒரு வழி உண்டு. ‘இந்த வண்டி இப்போது சாலையில் இல்லை’ என்று வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்கு அறிவிப்பதுதான் அது. சுருக்கமாக ‘சோர்ன்’ என்பார்கள். 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பருக்குப் பிறகு அந்த வேலையும் இல்லை. ஒருமுறை அறிவித்தால், மறுபடி வரி கட்டும்வரையோ வண்டியை விற்கும்வரையோ அது நீடிக்கும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஆனால் எல்லோராலும் இதைச் செய்ய முடியாது. சோர்ன் சொன்ன கார் பொதுச் சாலையில் நிற்கவே கூடாது. ஓட்டாமல் வீட்டு வாசலுக்கு நேரே தெருவில் நிறுத்தி வைத்தாலும் தவறுதான். கவுன்சிலுக்குப் பணம் கட்டி வாங்கிய பெர்மிட் இடமும் தெருதான். சொந்த டிரைவ்வே, கராஜ், அடுக்குமாடிக் குடியிருப்பின் தனியார் பார்க்கிங் போன்ற இடம் இருந்தால் மட்டுமே சோர்ன் சொல்லலாம். தெருவில்தான் நிறுத்த முடியும் என்பவர்கள் வரியையும் இன்ஷூரன்ஸையும் விடாமல் கட்டித்தான் ஆக வேண்டும். சோர்ன் சொன்ன காரைச் சாலையில் ஓட்டி மாட்டினால், வழக்கு நீதிமன்றம் போய் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம்.

எவ்வளவு பணம் மிஞ்சும் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். லண்டன் ஹாரோவில் இருக்கும் ஒரு தம்பதி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான சாதாரண பெட்ரோல் கார். 2025 ஏப்ரலில் ஒரு வருட வரி 195 பவுண்டை மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். மாதத்துக்கு 16 பவுண்டு 25 பென்ஸ் ஆகிறது. ஜூன் 20 அன்று திருச்சிக்குக் கிளம்பி, அக்டோபர் 5 அன்று திரும்புவதாகத் திட்டம்.

வரி திரும்பக் கிடைப்பது முழு மாதங்களுக்கு மட்டுமே. ஜூன் மாதத்துக்குள் சோர்ன் சொன்னால் ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாத வரி, அதாவது 146 பவுண்டு 25 பென்ஸ் திரும்ப வரும். ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஜூலை 2 அன்று சொன்னால் ஜூலை மாதம் போச்சு. எட்டு மாதத்துக்கு 130 பவுண்டுதான். ஆகவே மாதம் முடிவதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

இணையத்தில் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லாக் புக் எனப்படும் வி5சி பதிவுப் பத்திரத்தில் உள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் சோர்ன் உடனே அமலுக்கு வரும். வரி முடியப்போவதை நினைவூட்டி வரும் வி11 கடிதத்தின் 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் அமலாகும். நடுவில் கிளம்புகிறவர்களுக்கு லாக் புக் எண்தான் சரி.

பணம் காசோலையாக, லாக் புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கு, அதில் உள்ள முகவரிக்கே வரும். அப்பா பெயரில் கார், வரி கட்டியது மகன் என்றாலும் காசோலை அப்பாவுக்குத்தான். வீடு மாறியும் லாக் புக்கில் முகவரியை மாற்றாமல் இருந்தால் பணம் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘கார்தான் ஓடவில்லையே’ என்று முதலில் இன்ஷூரன்ஸை ரத்து செய்துவிடுவார்கள், சோர்ன் சொல்ல மறந்துவிடுவார்கள். 2011 முதல் அங்கே சோர்ன் இல்லாத ஒவ்வொரு காருக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், இன்ஷூரன்ஸ் இருந்தாக வேண்டும். இரண்டு பதிவேடுகளையும் கணினி ஒப்பிட்டுப் பார்த்து முதலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அது பூட்டிய வீட்டின் கதவுக்குப் பின்னால் கிடக்கும். அடுத்து 100 பவுண்டு அபராதம். அப்படியும் கவனிக்காவிட்டால் சக்கரத்துக்குப் பூட்டு, நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு வரை. எனவே முதலில் சோர்ன், அது பதிவானது உறுதியான பிறகே இன்ஷூரன்ஸ் பேச்சு.

ரத்து செய்வதே லாபமா என்பதும் யோசிக்க வேண்டியது. நடுவில் ரத்து செய்தால் கம்பெனிகள் பொதுவாகக் கட்டணம் பிடிக்கும். அந்த வருடம் முழுமையாகாததால் ‘நோ கிளெய்ம்ஸ்’ தள்ளுபடிக் கணக்கில் ஒரு வருடம் சேராமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவ்வேயில் நிற்கும் கார் திருட்டுப் போனாலோ தீப்பிடித்தாலோ ஒரு பைசா கிடைக்காது. தவணையில் வாங்கிய கார் என்றால் முழு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லக்கூடும். அதனால் கம்பெனியை அழைத்து, ‘கார் நிறுத்தி வைத்திருக்கும் காலத்துக்குத் தீ, திருட்டுக்கு மட்டும் பாதுகாப்பு தருவீர்களா, எவ்வளவு குறையும்?’ என்று கேட்பது மேல். குறைகிற தொகை சொற்பம் என்றால், இருக்கும் பாலிசியை அப்படியே விட்டுவிடலாம்.

திரும்பி வந்ததும் பால் வாங்கக்கூடக் காரை எடுக்கக் கூடாது. நம் தம்பதியின் காருக்கு வருடாந்தரச் சோதனையான எம்ஓடி ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோர்ன் காலத்தில் அது தேவையில்லை. ஆனால் எம்ஓடி இல்லாமல் மறுபடி வரி கட்ட முடியாது. முன்கூட்டியே நேரம் பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு ஓட்டிப் போக மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. அப்போதும் ஓட்டுவதற்கான இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். ஆகவே முதலில் இன்ஷூரன்ஸ், பிறகு எம்ஓடி, கடைசியில் இணையத்தில் வரி. வரி கட்டியவுடன் சோர்ன் தானாக முடிந்துவிடும்.

வரி எப்போதும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்காகும். அக்டோபர் 7 அன்று கட்டினாலும் அக்டோபர் முழுவதற்கும் சேர்த்துத்தான். செப்டம்பர் 28 அன்று வந்திறங்கியிருந்தால், மூன்று நாள் பஸ்ஸில் போய்வந்து அக்டோபர் முதல் தேதி கட்டுவதே லாபம்.

ஆக, அந்தத் தம்பதிக்கு மிஞ்சியது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாத வரி. மொத்தம் 48 பவுண்டு 75 பென்ஸ். பத்து நிமிட வேலைக்கு அது நல்ல தொகைதான். வரி அதிகமுள்ள பழைய பெரிய கார் என்றால் இன்னும் கூடும். ஒரு மாதத்துக்கும் குறைவாகப் போய்வருகிறவர்களுக்கோ, ஒரு முழு மாதம்கூட நடுவில் அகப்படாது என்பதால், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அவர்கள் காரை அப்படியே பூட்டிவிட்டுப் போகலாம்.