‘செக் பண்ணிடுங்கக்கா’ என்று ஒரு வரி மெயில் போதுமா?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மறுநாள் சம்பளம். சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை அலுவலகத்தில் கூலிக் கணக்குக்கான எக்செல் ஃபைலை ஒருவழியாக முடித்துவிட்டார் இளம் கணக்கர். விருதுநகர் அலுவலகத்தில் இருக்கும் சீனியர் அக்காவுக்கு மெயில் போகிறது: ‘அக்கா, ஃபைல் இணைத்திருக்கிறேன். செக் பண்ணிடுங்க.’

அந்த அக்கா என்ன செய்வார்? ஃபைலைத் திறப்பார். ஐந்து ஷீட் இருக்கும். எங்காவது சிவப்பாக எரர் தெரிகிறதா என்று மேலோட்டமாகப் பார்ப்பார். மொத்தத் தொகை வழக்கமான அளவில் இருந்தால், ‘ஓகே தம்பி’ என்று பதில் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று மெயிலில் யாரும் சொல்லவில்லையே!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் எக்செல் வைத்து வேலை செய்யும் எந்த ஊர் அலுவலகத்திலும் நடக்கக்கூடியது.

எரர் காட்டாத தப்புதான் ஆபத்தானது என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டின் கடன், அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்பது அதன் சாரம். பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. கேட்டபோது, ஆய்வாளர்களே தங்கள் எக்செல் ஃபைலை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். 49-வது வரிசை வரை போக வேண்டிய சராசரி ஃபார்முலா 44-வது வரிசையோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. 2013-ல் விஷயம் வெளியானதும், எக்செல் பிழையை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கட்டுரை மீதான விமர்சனத்துக்கு வேறு பெரிய காரணங்களும் இருந்தன. ஆனாலும் மூன்று ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது ஒரு ஃபார்முலாவின் ஐந்து வரிசைதான்.

ஹெர்ன்டன் கண்டுபிடித்தது ஃபைலை உற்றுப் பார்த்து மட்டும் அல்ல. அவரிடம் ஏற்கெனவே தனியாகப் போட்ட ஒரு விடை இருந்தது. ரெவ்யூ கேட்டு அனுப்பும் மெயிலில் இருக்க வேண்டியதும் அதுதான்: கையால் போட்ட விடை.

இப்போது அந்தத் தம்பி அதே மெயிலை முறையாக எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கூலி விகிதம், வேலை அளவு எல்லாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்கள்.

பொருள்: கூலி ஃபைல் ரெவ்யூ – நாளை காலை 10 மணிக்குள் தேவை

அக்கா, வணக்கம்.

வாராந்திரக் கூலி ஃபைல் முடிந்துவிட்டது. `kooli_v3.xlsx` இணைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்து முடிக்கும்வரை நான் இதில் கை வைக்க மாட்டேன். ஆட்களின் பெயர், வங்கிக் கணக்கு எண்ணை எடுத்துவிட்டு, ஆள் எண் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஐந்து ஷீட் இருக்கிறது. `Workers` ஆள் பட்டியல். `Rates` வேலைவாரிக் கூலி விகிதம். ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து என்ற நெடுவரிசை உண்டு. `Entry`-யில் தினமும் நாம் அடிப்பது: தேதி, ஆள் எண், வேலைக் குறியீடு, எத்தனை குரோஸ். `Wages` ஒவ்வொருவரின் வாரக் கூலி. `Month` மாத மொத்தமும் இ.எஸ்.ஐ. பிடித்தமும். முதல் இரண்டையும் சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும். எனக்குப் பயம் எல்லாம் `Entry`-யின் E நெடுவரிசையில்தான். அன்றைய தேதிக்கு எந்த விகிதம் செல்லும் என்று எடுப்பது இதுதான்:

```
=SUMIFS(Rates!C:C,Rates!A:A,C2,Rates!B:B,
 MAXIFS(Rates!B:B,Rates!A:A,C2,Rates!B:B,"<="&A2))
```

இதைச் சோதிக்க ஆள் எண் 17-ஐப் பாருங்கள். வேலை, பேப்பர் குழாய் சுற்றுவது. குரோஸுக்கு 38 ரூபாய், 10.7.2025 வியாழன் முதல் 40 ரூபாய். திங்கள் முதல் புதன் வரை தினம் 12 குரோஸ், வியாழன் முதல் சனி வரை தினம் 11 குரோஸ் என்று சோதனைக்காகப் போட்டிருக்கிறேன். கையால் கணக்குப் போட்டால் 36 × 38 = 1,368; 33 × 40 = 1,320; மொத்தம் 2,688 ரூபாய். `Wages`-ல் 2,760 என்று வந்தால், வாரம் முழுவதற்கும் புது விகிதம் போட்டுவிட்டது என்று அர்த்தம். 2,622 வந்தால் புது விகிதத்தை எடுக்கவே இல்லை.

மெயிலை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். இந்த ஒரு பத்திக்காகத்தான் மொத்த மெயிலும்.

பல ஃபைல்களில் விகிதத்துக்குத் தேதியே இருக்காது. கூலி உயர்ந்தால் 38-ஐ அழித்துவிட்டு 40 என்று அடித்துவிடுவார்கள். உடனே போன வாரம், போன மாதம் என்று கொடுத்து முடித்த கூலி எல்லாம் ஷீட்டில் தானாகக் கூடிவிடும். கொடுத்த பணம் ஒன்று, ஃபைலில் இருப்பது வேறொன்று. அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு நீளமான ஃபார்முலா. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. தான் தேடும் குறியீடு `Rates`-ல் இல்லாவிட்டால் அது எரர் காட்டாது. அமைதியாகப் பூஜ்யம் தரும். ஒருவர் நாள் முழுக்கச் சுற்றிய குழாய்க்குக் கூலி பூஜ்யம்! அதே குறியீடு, அதே தேதியோடு தவறுதலாக இரண்டு முறை இருந்தால், இரண்டையும் கூட்டி 80 ரூபாய் ஆக்கிவிடும். மெயிலின் அடுத்த பகுதி இதைத்தான் பேசுகிறது.

அக்கா, இனி ஃபைலை நீங்கள் உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அதில் வேண்டுமென்றே தப்பாக அடியுங்கள். `Rates`-ல் இல்லாத ஒரு குறியீட்டை `Entry`-யில் போடுங்கள். ஒரு தேதியை 07.07.2025 என்று புள்ளி வைத்து அடியுங்கள். `Workers`-ல் இல்லாத ஆள் எண் ஒன்றைப் போடுங்கள். 12 குரோஸ் என்பதற்குப் பதில் 1728 என்று எண்ணிக்கையாக அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் `Wages` ஷீட்டின் மேலே இருக்கும் சரிபார்ப்பு செல் சிவப்பாகிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் ஃபார்முலா:

```
=SUMIFS(Entry!F:F,Entry!A:A,">="&$H$1,
 Entry!A:A,"<="&$H$2)-SUM(C:C)
```

H1, H2 இரண்டும் வாரத்தின் முதல் நாள், கடைசி நாள். விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். புது ஆளை `Wages`-ல் சேர்க்க மறந்தால் இது பிடித்துவிடும். ஆனால் புள்ளி வைத்த தேதியை இது பிடிக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

தம்பியின் சந்தேகம் சரியானது. புள்ளி வைத்த தேதியைப் பெரும்பாலான கணினிகளில் எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். விகிதம் பூஜ்யமாகும். அந்த வரி வாரக் கணக்கிலும் சேராது. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் கழித்தால் பூஜ்யம்தான் வரும். சரிபார்ப்பு செல் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். இல்லாத குறியீட்டுக்கும் இதே கதைதான். 1728 என்று அடித்த வரியோ இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடும், அதுவும் தப்பித்துவிடும். ஆக நான்கு சோதனையில் ஒன்றைத்தான் அந்த செல் பிடிக்கிறது. செக் செல் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இதற்கு மாற்று கஷ்டமில்லை. இன்னும் மூன்று சின்ன செல் போதும். எழுத்தாகிப்போன தேதி எத்தனை என்று முதலாவது எண்ணும். கூலி பூஜ்யமான வரிகளை இரண்டாவது எண்ணும். ஒரு நாளைக்கு ஓர் ஆளால் செய்யவே முடியாத அளவு அடிக்கப்பட்டிருக்கிறதா என்று மூன்றாவது பார்க்கும்.

```
=COUNTA(Entry!A2:A2000)-COUNT(Entry!A2:A2000)
=COUNTIF(Entry!F2:F2000,0)
=COUNTIF(Entry!D2:D2000,">40")
```

40 என்ற வரம்பு உதாரணத்துக்குத்தான். அதை ஆலையில் வேலை தெரிந்த மேஸ்திரியிடம் கேட்டுத்தான் போட வேண்டும். 2000 வரிசை தாண்டினால் இந்த ஃபார்முலாக்களும் நின்றுவிடும் என்பதையும் மெயிலில் எழுதிவைப்பது நல்லது. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் ஃபைலில் நடந்ததும் அதுதானே!

மெயிலில் மீதி இருப்பது இ.எஸ்.ஐ. சமாச்சாரம்.

கடைசியாக `Month` ஷீட். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். ஃபார்முலா `=ROUNDUP(B2*0.75%,0)`. ஒருவரின் மாதக் கூலியை 9,350 என்று வைத்துப் பாருங்கள். 70.125 வருகிறது, ஷீட் 71 காட்ட வேண்டும். 70 என்று வந்தால் எங்கோ ROUND என்று இருக்கிறது. வாரா வாரம் பிடித்துவிடாமல் மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கிட்டிருக்கிறேன். 17-ஆம் எண்ணுக்கு நான்கு வாரமும் 2,688 என்றால், வாரம் 21 வீதம் 84 ரூபாய் பிடிப்போம். மாத மொத்தம் 10,752-க்குக் கணக்கிட்டால் 81தான். அந்த மூன்று ரூபாய் அவர்களுடையது.

ஒரு விஷயம். உங்கள் கணினியில் பழைய எக்செல் 2016 என்றால் MAXIFS வேலை செய்யாது, `#NAME?` என்று வரும். அப்படி வந்தால் ஃபைல் தப்பு என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு போன் போடுங்கள்.

திருத்தம் எதையும் ஃபைலில் நேராகச் செய்யாமல், எந்த ஷீட், எந்த செல், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று பதில் மெயிலில் எழுதிவிடுங்கள் அக்கா.

இப்படிக் கேட்டால் பதிலும் ‘ஓகே தம்பி’ என்று வராது. இப்படி வரும்: ‘தம்பி, 17-ஆம் எண் 2,688 சரியாக வருகிறது. `Entry` A9-ல் புள்ளி வைத்து அடித்தேன். அந்த ஆளுக்கு 456 ரூபாய் குறைந்தது, செக் செல் பூஜ்யமாகவே இருக்கிறது. இல்லாத குறியீட்டுக்கும், 1728-க்கும் அப்படியே. இல்லாத ஆள் எண்ணை மட்டும் பிடித்தது. 9,350-க்கு 71 வருகிறது. தேதியைச் சரிபண்ணாமல் நாளைக்குச் சம்பளம் போட வேண்டாம். காலையில் எட்டரைக்கே ஆபீஸ் வந்துவிடுவேன், திருத்தி அனுப்பு.’