இறால் சீசன்ல வலையைக் கொடுத்த நண்பர்

1/ பழவேற்காடு பக்கம் ஒரு மீனவர், கிளினிக்ல பேச்சுவாக்குல சொன்ன விஷயம் இது. அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்தி எழுதுறேன். உங்க வீட்லயும் நடக்கலாம், அதான் இந்தத் திரெட்.

2/ அவரோட கூட்டாளி ஒருநாள் சாயந்திரம் வீடு தேடி வந்து, தன் கையாலயே பின்னின வீச்சு வலையைக் கொடுத்திருக்கார். "நீ வச்சிக்கோ மச்சான், எனக்கு இனிமே எதுக்கு." இவரும் பாசத்துல கொடுக்கிறான்னு வாங்கி வச்சிட்டார்.

3/ இதுல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பொருள். கண்ணி கண்ணியா முடிஞ்சு, ஈயக் குண்டு கோத்து, நாள் கணக்கா உட்கார்ந்து செஞ்ச வலை. அவர் சோறு அதுல தான். ரெண்டாவது, நேரம். மழை பெய்ஞ்சு, ஏரியில இறால் எதிர்பார்த்து ஊரே வலையைச் சரிபண்ற மாசம். அப்போ வலையைத் தர்றவர், வரப்போற சீசன்ல தன்னைப் பார்க்கலைன்னு அர்த்தம் இருக்கலாம்.

4/ ரொம்ப நேசிச்ச பொருளைத் திடீர்னு கொடுத்துடறது தற்கொலை எண்ணத்தோட எச்சரிக்கை அறிகுறிகள்ல ஒண்ணு. ஆனா அது மட்டுமே போதாது. தொழிலை விட்டு கம்பெனி வேலைக்குப் போறவரும் வலையைத் தருவார். வயசானவர் பேரனுக்குத் தருவார். அவங்ககிட்ட அடுத்து என்னன்னு ஒரு பதில் இருக்கும்.

5/ கூட வேற என்ன மாறிச்சுன்னு பாருங்க. கடன், குடும்பத்துல இழப்பு, தூக்கமில்லாம இருக்கிறது, குடி அதிகமாகுறது, "நான் இருந்தா பாரம்" மாதிரி பேச்சு. வாரக்கணக்கா இடிஞ்சு போயிருந்தவர் திடீர்னு அமைதியாயிட்டா "சரியாயிட்டான்"னு விட்டுடாதீங்க. முடிவெடுத்துட்ட அமைதியாவும் இருக்கலாம்.

6/ நம்ம மீனவர் என்ன பண்ணார் தெரியுமா? ராத்திரி தூக்கம் வராம, மறுநாள் விடிகாலை வலையை எடுத்துட்டுப் போய் நேராவே கேட்டுட்டார்: "செத்துடலாம்னு நினைக்கிறியாடா?" கூட்டாளி உடைஞ்சு அழுதுட்டார். கடன் விஷயம் அப்புறம் தான் வெளிய வந்துச்சு.

7/ "கேட்டா நாமளே எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"ன்னு பலர் பயப்படுறாங்க. ஆகாது. கேட்கிறது பெரும்பாலும் பாரத்தை இறக்கும். பதில் "ஆமா"ன்னா தனியா விடாதீங்க. பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டாம எடுத்து வைங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

8/ பொருளை என்ன பண்றது? மறுத்து முகத்தை முறிக்க வேண்டாம். "என்கிட்ட பத்திரமா இருக்கட்டும், நீயே வந்து வாங்கிக்கணும்"னு சொல்லி வைங்க. அவர் திரும்பி வர ஒரு காரணம் அது.

9/ டெலி மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். நண்பரைப் பத்திக் கவலைப்படற நீங்களும் கூப்பிடலாம்.

அந்த வலை? இப்போ பழையபடி செஞ்சவர் தோள்ல தான் இருக்கு.