ஒரு நிமிடப் படத்தில் கதை எங்கே?

இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. பிறந்த நாள், கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எதையும் விடுவதில்லை. ஒரு நிமிடப் படமாக எடுத்து, உறவினருக்கு அனுப்புகிறார்கள். ஊருக்கும் காட்டுகிறார்கள்.

ஆனால் பார்க்கிறவர் பாதியிலேயே அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறார். ஏன்? படம் மங்கலா? இல்லை. பளிச்சென்றுதான் இருக்கிறது. அதில் கதை இல்லை. அதுதான் குறை!

ஒரு நிமிடத்தில் கதை சொல்ல முடியுமா? முடியும். சினிமா பிறந்தபோதே அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

தண்ணீர் நின்றது ஏன்?

1895-ம் ஆண்டு, டிசம்பர் 28-ந் தேதி. பாரிஸ் நகரில் ஒரு காப்பிக் கடையின் கீழ்த்தளம். லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துப் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர்களுடைய காமிராவில் அவ்வளவு பிலிம்தான் பிடிக்கும்.

ஒரு படத்தில், தொழிற்சாலைக் கதவு திறக்கிறது. தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான். அது காட்சி.

இன்னொரு படம் அப்படியல்ல. தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர்! அவர் பையனை விரட்டிப் பிடித்து அடிக்கிறார். அது கதை.

தண்ணீர் விடுவது நிலைமை. குழாயை மிதிப்பது நெருக்கடி. காலை எடுப்பது திருப்பம். கதைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பையன் மிதிப்பது நமக்குத் தெரிகிறது, தோட்டக்காரருக்குத் தெரியவில்லை. "ஐயோ, என்ன ஆகுமோ!" என்று மனம் கேட்கிறது. அந்தக் கேள்விதான் நம்மை உட்கார வைக்கிறது.

பாட்டியின் கட்டை விரல்

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபது. பாங்கில் கைநாட்டு வைக்கிறவர். கையெழுத்துப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பேத்தி சொல்லிக் கொடுத்தாள். பாட்டி கற்றுக்கொண்டார். இதைப் படமாக்க வேண்டும்.

பலர் எப்படி எடுப்பார்கள்? "எல்லோருக்கும் வணக்கம்" என்று பேத்தி தன்னை அறிமுகம் செய்வாள். அதில் பத்து வினாடி போய்விடும். பிறகு, பாட்டி எழுதுகிறார், பிறகு, சிரிக்கிறார், பிறகு, எல்லோரும் கை தட்டுகிறார்கள். "பிறகு, பிறகு" என்று அடுக்கினால் அது கதை ஆகாது. "ஆனால்" என்றும், "அதனால்" என்றும் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

இப்படி எடுத்துப் பாருங்கள்.

முதல் பன்னிரண்டு வினாடி நிலைமை. விடியற்காலை. பாட்டி வாசலில் சிக்குக் கோலம் போடுகிறார். அடுத்து, பாங்கிலிருந்து வெளியே வருகிறார். கட்டை விரலில் நீல மை. அதைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறார். மை போகவில்லை. "இனி கையெழுத்துத்தான் போடுவேன்" என்கிறார். ஆசை என்ன என்று தெரிந்துவிட்டது.

அடுத்த இருபத்தைந்து வினாடி நெருக்கடி. அவர் பெயரில் "ஞ" என்ற எழுத்து வருகிறது. அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி. கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே! இதைப் பேத்தி ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஓர் எழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று பார்க்கிறவருக்குப் புரியாது. கடைசியில் பாட்டி பென்சிலைக் கீழே போட்டுவிடுகிறார். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி!"

அடுத்த பத்து வினாடி திருப்பம். பேத்தி கோலப் பொடிக் கிண்ணத்தைக் கொண்டு வருகிறாள். "கோலம் மாதிரி வளைச்சுப் பாரு பாட்டி" என்கிறாள். பாட்டி தரையில் பொடியால் இழுக்கிறார். "ஞ" வந்துவிடுகிறது!

மிச்சம் பன்னிரண்டு, பதின்மூன்று வினாடி முடிவு. பாட்டி மறுபடியும் பாங்கிலிருந்து வெளியே வருகிறார். கட்டை விரலைக் காட்டுகிறார். மை இல்லை.

திருப்பம் எங்கிருந்து வந்தது?

இந்தத் திருப்பம் வானத்திலிருந்து விழவில்லை. கோலம் முதல் காட்சியிலேயே இருக்கிறது. அங்கே அதைக் காட்டாமல், பொடிக் கிண்ணம் திடீரென்று வந்தால், பார்க்கிறவர் நம்பமாட்டார். ஆகவே முதலில் திருப்பத்தைத் தீர்மானியுங்கள். அதற்கு வேண்டியதை, பின்னோக்கிப் போய்த் தொடக்கத்தில் வையுங்கள்.

படத்தின் தலைப்பும் முக்கியம். "கையெழுத்துப் போட்ட பாட்டி" என்று மேலே எழுதினால் கதை அங்கேயே முடிந்தது. "பாட்டியும் ஒரு எழுத்தும்" என்றால் போதும்.

பேச்சைக் குறையுங்கள். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு சொல்தான் அடங்கும். எழுதிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உரக்கப் படியுங்கள். மிஞ்சினால் வேகமாகப் பேசாதீர்கள், சொற்களை வெட்டுங்கள். பாட்டியின் கல்யாணம், தாத்தாவின் வேலை எல்லாம் இந்தப் படத்தில் வேண்டாம். ஒரு நிமிடம் ஓர் ஆசையையும் ஒரு தடையையும்தான் தாங்கும்.

படம் சரியாக வந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. ஓசையை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டுங்கள். இவருக்கு என்ன வேண்டும்? எது தடுத்தது? என்ன மாறியது? மூன்றுக்கும் அவர் ஏறக்குறைய பதில் சொன்னால் படம் தேறிவிட்டது. முதல் கேள்விக்கே விழித்தால் தொடக்கம் சரியில்லை. தடை தெரியவில்லை என்றால், சோக இசை சேர்ப்பதில் பயனில்லை. பென்சில் கீழே விழுந்த காட்சியைத் தேடிச் சேருங்கள்.

எல்லை மீற வேண்டாம்

அந்தக் காட்சியை எடுக்கவே இல்லை என்றால்? பாட்டியை மறுபடியும் அழச் சொல்லி எடுக்கலாமா? கூடாது. நெருக்கடியை நாமே உண்டாக்கினால் அது பொய். "அன்று பென்சிலைப் போட்டுவிட்டார்" என்று பேத்தி சொல்லட்டும். தப்பான எழுத்துகள் நிறைந்த நோட்டைக் காட்டட்டும். அது போதும். அது உண்மையும்கூட.

பாங்குக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். வாசலே போதும். பாஸ் புத்தகத்தின் எண் தெரியக் கூடாது. முழுக் கையெழுத்தையும் காட்டக் கூடாது. பார்த்து எழுதப் பழகும் மோசக்காரர்கள் உண்டு. "ஞ" ஒன்றைக் காட்டினால் போதும். கதை அந்த ஓர் எழுத்தில்தானே இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை வெளியே அனுப்புமுன் பாட்டியிடம் காட்டுங்கள். பென்சிலை வீசியதை ஊர் பார்ப்பது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் அனுப்பக் கூடாது. கதை அவருடையது. செல்போன்தான் உங்களுடையது.