பதிவு செய்யுமுன் கணக்குப் போடுங்கள்

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை நட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான் முதலில். அந்தத் தோட்டத்திலும், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் உழைத்த நம் தாத்தா பாட்டிகளின் பேச்சைக் காணொளியாகப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கேமரா என்பதல்ல. எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான். கைப்பேசி நிறைந்ததும் பழைய பதிவை அழிக்கத்தான் கை போகும்.

கணக்கு எளிது. காணொளி வினாடிக்கு எத்தனை மெகாபிட் எடுக்கிறதோ அதுவே பிட்ரேட். 1080பி தரத்தில் 17 மெகாபிட் என வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட் என்பதால் 17ஐ 8ஆல் வகுத்து, 3,600 வினாடியால் பெருக்கினால் மணிக்கு 7.65 ஜிபி. வாரம் மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 120 மணி நேரம். மொத்தம் 918 ஜிபி. மூன்றாண்டில் ஏறத்தாழ 2.75 டிபி.

உங்கள் கைப்பேசியின் பிட்ரேட் தெரியாதா? பத்து நிமிடம் பதிவு செய்து, கோப்பின் அளவை ஆறால் பெருக்குங்கள். பேச்சு நடக்கப்போகும் இடத்திலேயே சோதியுங்கள். காற்றில் ஆடும் செம்பனை ஓலை பின்னணியில் இருந்தால், வெறும் சுவரைவிடக் கோப்பு பெரிதாகலாம்.

4கே வேண்டாம் என்பது என் கருத்து. 50 மெகாபிட்டில் அதே 120 மணி நேரம் 2.7 டிபி ஆகிவிடும். நாற்காலியில் அமர்ந்து பேசும் பாட்டிக்கு அது தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் வாங்கலாம்.

918 ஜிபிதானே, 1 டிபி ஹார்ட் டிஸ்க் போதும் என்று நினைக்காதீர்கள். முதலாண்டிலேயே அது நிறைந்துவிடும். விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும்போது ஏமாந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். விற்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. மூன்றாண்டுக்கு 4 டிபியில் இரண்டு வாங்குங்கள். ஒரே பதிவு இரண்டிலும் இருக்கட்டும். ஒன்று பள்ளியில், மற்றொன்று வேறோர் ஊரில் ஒருவர் வீட்டில். வெள்ளமோ திருட்டோ இரண்டு இடத்தையும் ஒரே நாளில் தொடுவது அரிது.

கிளவுட்? இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, இரண்டு மணி நேரப் பதிவுக்குள் தீர்ந்துவிடும். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவேற்றினால், ஒரு வாரப் பதிவுக்கே ஐந்து மணி நேரம் ஆகும். தோட்டப்புறத்தில் கைப்பேசி இணைப்பு பாதி வேகம் தந்தால் பத்து மணி. மேலும் அது வாடகை வீடு. குழு கலைந்து சந்தா நின்றால் பதிவும் போகும். ஆகவே மூலப் பதிவு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். குடும்பத்தார் பார்ப்பதற்கு 2 மெகாபிட்டில் சுருக்கிய பிரதியை மட்டும் கிளவுட்டில் ஏற்றுங்கள். ஓராண்டுப் பதிவும் 108 ஜிபிக்குள் அடங்கும்.