மடிப்பில் மறையும் மலை

கோடைக்கானலுக்குச் செல்வோர் தூண்பாறையைக் காணாமல் திரும்புவது அரிது. ஏறத்தாழ நானூறு அடி உயரத்தில் மூன்று பாறைகள் தோளோடு தோள் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து நிற்கின்றன. நாம் நிற்கும் இடத்திற்கும் அவற்றிற்கும் இடையே ஆழமான பள்ளம். நாம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பனிமூட்டம் எழுந்து வந்து மூன்றையும் மூடிவிடும். சில நிமிடம் கழித்துத் திருப்பியும் தந்துவிடும். பழனி மலையைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் செய்ய விரும்பும் எவரும் இந்தக் காட்சியை இரண்டு பக்கங்களையும் நிரப்பி வரையவே ஆசைப்படுவர். அந்த ஆசை நல்லதுதான். ஆனால் அதை நிறைவேற்றும் முறையில்தான் நம்மவர் பலர் தவறுகின்றனர் என்பது என் கருத்து. படத்தை முதலில் முழுதாக வரைந்துவிட்டு, எழுத்தைப் பிறகு ‘எங்கேயாவது’ போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். புத்தகம் நடுவில் மடியும் என்பதையோ மறந்தே விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கம் 18 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கங்களையும் விரித்தால் 36 சென்டிமீட்டர் அகலமான ஒரு பரப்பு கிடைக்கிறது. மூன்று தூண்களை அதில் வரையச் சொன்னால் ஓவியரின் கை என்ன செய்யும்? நடுத் தூணை நட்டநடுவில் நிறுத்தி, மற்ற இரண்டையும் இருபுறமும் வைக்கும். காகிதத்தில் அது கம்பீரமாகவே இருக்கும். நடுத் தூண் 5 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். இப்பொழுது அந்தப் புத்தகத்தை, முதுகில் பசை தடவி ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் முறையில் கட்டுகிறார்கள். அந்தக் கட்டில் புத்தகம் தட்டையாக விரிந்து கொடுக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் 8 மில்லிமீட்டர் அளவு உள்ளே புதைந்துவிடும். தாள் தடித்தால் இன்னும் கூடப் புதையும். ஆக 5 சென்டிமீட்டர்த் தூணில் 1.6 சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. மூன்றிலும் பெரிய தூண் மெலிந்து, நடுவில் பிளந்து நிற்கும். அதன்மேல் ஒரு சொல்லும் ஓடியிருந்தால், அந்தச் சொல்லின் இரண்டு எழுத்துகள் பள்ளத்தில் விழுந்துவிடும். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஏழு வயதுக் குழந்தை அந்த எழுத்துகளை எங்கே போய்த் தேடும்?

கணினித் திரையில் இந்தக் குறை தெரியாது என்பதுதான் வேடிக்கை. திரையில் இரு பக்கங்களும் ஒரே பலகை போல ஒட்டி நிற்கின்றன. அங்கே மடிப்பு என்று ஒன்று இல்லை. ஓவியர் ஒப்புதல் தருகிறார், பதிப்பாளர் ஒப்புதல் தருகிறார், அச்சகத்தார் தமக்கு வந்ததை அடிக்கிறார். கட்டி முடித்த பிறகுதான் உண்மை வெளிவருகிறது. அதற்குள் ஆயிரம் பிரதிகள் மூட்டையில் ஏறிவிடுகின்றன.

நடுவில் கம்பி அடிக்கும் சென்டர் பின் கட்டில் இந்த இழப்பு குறைவு. ஆயினும் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 32 பக்கப் புத்தகம் என்றால் எட்டுத் தாள்களை ஒன்றினுள் ஒன்றாக மடித்து வைத்துத்தான் பின் அடிக்கிறோம். அவ்வாறு மடிக்கும்போது 16, 17 ஆகிய இரண்டு பக்கங்கள் மட்டுமே ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து அமைகின்றன. மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் எல்லாம் வெவ்வேறு தாளில் அச்சாகி, பிறகு மடிப்பில் சந்திப்பவை. ஒரு மலைமுகடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு ஓடும்போது ஒரு மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ சேரலாம். நீலம் ஒரு பக்கத்தில் சற்று அடர்ந்தும் இருக்கலாம். ஆகவே மடிப்பைக் கடந்து தொடர வேண்டிய நுண்ணிய கோடு உள்ள படம் ஒன்றே ஒன்று இருந்தால், கதையைச் சற்று நகர்த்தியாவது அதை 16, 17இல் வைப்பதே அறிவுடைமை. இது ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பைண்டர் பின் அடிக்கும்போது தெரிந்து பயனில்லை.

மீண்டும் நம் தூண்பாறைக்கு வருவோம். தீர்வு கடினமானதன்று. மூன்று தூண்களையும் இடப்புறமாக நகர்த்துங்கள். இரண்டு தூண்கள் இடப்பக்கத்தில் நெருங்கி நிற்கட்டும். மூன்றாவது, மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்தின் தொடக்கத்தில், மடிப்புக்கு 2 சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். மடிப்பில் விழுவது தூண்களுக்கு இடைப்பட்ட பனிமூட்டம் மட்டுமே. பனிமூட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் தொலைந்தால் யாருக்கும் நட்டமில்லை. வலப்பக்கத்தின் மேற்பகுதி முழுவதும் பனியும் வானமுமாக ஒழிந்து கிடக்கும். எழுத்துக்கு அதைவிட நல்ல இடம் வேறு எது? கோடைக்கானலின் பனிமூட்டத்தைப் படப்புத்தகத்திற்கென்றே இயற்கை செய்து வைத்தது போலும்!

ஆனால் எவ்வளவு இடம் என்பதை ஊகத்தால் முடிவு செய்யலாகாது. கதைப் பகுதி இவ்வாறு இருக்கட்டும்: “பனிமூட்டம் மெல்ல மேலே ஏறியது. முதலில் சின்னத் தூண் மறைந்தது. பிறகு நடுத் தூண் மறைந்தது. ‘அம்மா, பாறை எங்கே போயிற்று?’ என்று வள்ளி கேட்டாள்.” இதைக் குழந்தைக்கேற்ற 16 புள்ளி எழுத்தில், 11 சென்டிமீட்டர் அகல வரியில் கோத்தால் ஐந்தாறு வரி வரும். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் உண்டு. கீழே ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வாலும் சுழியும் உண்டு. ஆகவே வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு, வரிக்கு 24 புள்ளி வைக்க வேண்டும். அதாவது ஒரு வரிக்கு எட்டரை மில்லிமீட்டர். ஆறு வரிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 18 சென்டிமீட்டர்ப் பக்கத்தில் மடிப்போரம் ஒன்றரை, கட்டிங் ஆகும் வெளியோரம் ஒன்றேகால் என்று விலக்கினாலும் 15 சென்டிமீட்டருக்குமேல் மிஞ்சுகிறது. இடம் போதும். இந்த 11க்கு 5 என்ற கட்டத்தைப் பென்சிலால் முதலில் வரைந்து, அதற்குள் வண்ணத்தை வெளிறவும் சீராகவும் விடும்படி ஓவியரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நல்ல ஓவியர் சும்மா இருப்பாரா? அந்த வெறுமையைப் பொறுக்காமல் இரண்டு பருந்துகளைப் பறக்கவிட்டு விடுவார்.

இங்கேதான் என் முக்கியமான மனக்குறையைச் சொல்லவேண்டும். இன்று ஒரே படத்தொகுதியைப் பல மொழிகளில் வெளியிடும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா ஒரே படங்களைப் பல மொழிப் பதிப்புகளுக்குப் பயன்படுத்தியது. சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா, 2015இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் தொடங்கிய பிரதம் புக்ஸ் ஆகியவையும் பல மொழிகளில் படப்புத்தகம் தருபவை. செலவு குறைகிறது, வரவேற்கத்தக்கதே. ஆனால் பொதுவாக, படத்திலுள்ள காலியிடம் ஆங்கில வாசகத்தின் அளவுக்கு விடப்பட்டிருந்தால் தமிழ் அங்கே படும் பாடு பெரிது. ஆங்கிலம் இரண்டு மூன்று சிறு சொற்களாகச் சொல்வதைத் தமிழ் ‘பறந்துகொண்டிருந்தது’ என்று ஒரே சொல்லாகச் சொல்லும். 16 புள்ளியில் அந்த ஒரு சொல்லே ஐந்தரை, ஆறு சென்டிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். இரு தூண்களுக்கிடையே 6 சென்டிமீட்டர்ச் சந்தில் ஆங்கிலம் அழகாக அடுக்கி நிற்கும். தமிழ் வரிக்கொரு சொல்லாக ஏணி போலத் தொங்கும். இல்லையேல் எழுத்தைச் சுருக்குவார்கள், அல்லது எழுத்து பாறைமேல் ஏறிவிடும். பிறகு எழுத்து தெரியவில்லை என்று அடியில் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டுவார்கள். படத்தின்மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டியதுபோல அது இருக்கும். பல மொழியில் வரப்போகும் புத்தகம் என்றால், எந்த மொழிக்கு மிகுதியான இடம் வேண்டுமோ அந்த மொழியில் முதலில் கோத்து அளந்து, அதற்கே இடம் விடவேண்டும் என்பது என் துணிபு. சிறிய வாசகம் பெரிய இடத்தில் இருந்தால் அழகு கெடாது.

எழுத்தின் நிறத்திலும் இதே முன்யோசனை வேண்டும். நான்கு வண்ண அச்சில் கதை வாசகம் கறுப்பில் மட்டும் இருந்தால், மொழியை மாற்றும்போது கறுப்புப் பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். இரவுக் காட்சி என்று சொல்லிக் கருநீலத்தில் வெள்ளை எழுத்து வைத்தால், அந்த எழுத்தின் வடிவம் நீலம் முதலிய பிளேட்டுகளிலும் வெட்டப்பட்டிருக்கும். அவற்றையெல்லாம் மாற்றியாக வேண்டும். பிளேட்டுகள் இம்மி பிசகினாலும் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் மை ஏறி அடைபடும். வெள்ளை எழுத்து தவிர்க்க முடியாததென்றால் தடித்த எழுத்தாகவாவது இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. படத்தை எழுத்தோடு கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பாருங்கள். எழுத்தின் பின்னால் இலையும் கிளையும் சாம்பல் நிறத்தில் முட்டிக்கொண்டு நின்றால் இடம் சரியில்லை. பிறகு எட்டுத் தாள்களை மடித்து ஒரு டம்மி செய்து, உண்மையான கட்டு எப்படியோ அப்படியே கட்டி, ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் கொடுங்கள். அவர் அதைக் கையில் உயர்த்திப் பிடித்து, வகுப்பை நோக்கித் திருப்புவார். புத்தகம் முழுதாக விரியாத அந்த நிலையில் இரண்டாம் வரிசைக் குழந்தை படிக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இப்படி அளவு போட்டால் கலைஞனின் சுதந்திரம் என்னாவது என்று நண்பர் சிலர் கேட்பர். கொரிய ஓவியர் சூசி லீ 2008இல் வெளிவந்த தம் ‘அலை’ என்னும் சொல்லற்ற புத்தகத்தில், இடப்பக்கத்தில் சிறுமியையும் வலப்பக்கத்தில் கடலையும் வைத்து, நடு மடிப்பையே இருவருக்கும் இடையிலான எல்லையாக ஆக்கினார். சிறுமி அந்த எல்லையைக் கடப்பதே கதையின் திருப்பம். மடிப்பை மறந்தவரால் இதைச் செய்திருக்க முடியாது. நம் தூண்பாறையிலும் இதற்கு வாய்ப்பிருக்கிறது. இடப்பக்கத்தில் வேலியோரம் வள்ளியும் அவள் தாயும், வலப்பக்கத்தில் பாறைகள், இரண்டுக்கும் நடுவே உண்மையிலேயே உள்ள அந்தப் பள்ளம் புத்தகத்தின் மடிப்பிலேயே விழட்டும். புத்தகத்தை அகல விரிக்கும் குழந்தை பள்ளத்தின் ஆழத்தை எட்டிப் பார்க்கும்.

எல்லாக் காட்சிக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிஞ்சி இருக்கிறது. 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கிய அந்தப் பூவை இரு பக்கமும் நிரப்பி வரைந்தால், எழுத்து வைக்க அமைதியான ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. மிஞ்சவும் கூடாது, நிரம்பி வழிவதுதானே அதன் அழகு. அங்கே வாசகத்தை முந்தின பக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட காட்டு விலங்குகள் புத்தகத்தில், ஆட்டம் உச்சத்தை அடையும் மூன்று இருபக்கப் படங்களில் ஒரு சொல்லும் இல்லை. அதுபோலப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூவுக்கு முப்பத்திரண்டில் இரண்டு பக்கத்தைப் பேச்சின்றி விட்டுவிடலாம். பூ எங்கும் ஒன்றுபோல் இருப்பதால், மடிப்பில் ஒரு சென்டிமீட்டர் புதைந்தாலும் அங்கே எதுவும் காணாமற் போகாது.