தொகை ஒன்றுதான், எடுத்த நாள் ஒன்றல்ல



உயர்தர வணிகப் பிரிவில் பங்குடமைக் கணக்கு படிப்பிக்கும் நம்மிடம் பெற்றோர் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். "சேர், வட்டி ஹராம் என்று மதரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் எடுப்பனவு மீதான வட்டி என்று கணக்குப் போட வைக்கிறீர்களே?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் வட்டி என்ற சொல்லைக் கண்டதும் அந்தக் கணக்கையே தூக்கி எறிவதால் நம் ஊரில் கூட்டு வியாபாரம் செய்கிற மச்சான்மாருக்குள் மனக்கசப்பு வளர்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மாங்கேணியில் ஆளுக்குப் பத்து இலட்சம் போட்டு மீன் வாடி நடத்தும் இரண்டு மச்சான்மாரை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நாம் அமைத்த கணக்கு இது, யாரையும் குறிப்பதல்ல. இலாபம் சரிபாதி. கணக்காண்டு 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. அந்த ஆண்டில் ஒரு விசேஷம் உண்டு. தொடக்கத்தில் ஏப்ரலில் ஒரு நோன்புப் பெருநாள், முடிகிற அன்றே மார்ச் 31இல் அடுத்த நோன்புப் பெருநாள். மூத்தவர் முதல் பெருநாளுக்குக் கை வைத்தார், இளையவர் அடுத்த நோன்புக்குக் கை வைத்தார். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் இருவரும் எடுத்தது தலா 300,000 ரூபா. "சமன்தானே, விடுங்கள்" என்றார் மூத்தவர். இளையவர் விடவில்லை. "நீங்கள் எடுத்த காசு வருஷம் முழுக்க வாடியில் இல்லை. ஐஸுக்கும் மீன் வாங்கவும் ஓடினது என்னுடைய காசு" என்றார்.

இளையவர் சொல்வது சரியா என்பதைப் பெருக்குத்தொகை முறை காட்டிவிடும். ஒவ்வொரு எடுப்பனவையும், அது எடுக்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டு முடிய எத்தனை மாதம் மிச்சமிருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும். பிறகு பெருக்குத்தொகைகளைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மூத்தவர்:
ஏப்ரல் 1: 120,000 × 12 = 1,440,000
ஜூலை 1: 60,000 × 9 = 540,000
செப்டெம்பர் 30: 100,000 × 6 = 600,000
டிசெம்பர் 31: 20,000 × 3 = 60,000
கூட்டுத்தொகை 2,640,000

இளையவர்:
ஓகஸ்ட் 1: 40,000 × 8 = 320,000
நவம்பர் 30: 80,000 × 4 = 320,000
ஜனவரி 31: 60,000 × 2 = 120,000
பெப்ரவரி 28: 120,000 × 1 = 120,000
கூட்டுத்தொகை 880,000

ஆண்டுக்கு 12 வீதம் என்று ஒப்பந்தம் இருந்தால் அது மாதத்துக்கு 1 வீதம். ஆகவே பெருக்குத்தொகையில் நூற்றில் ஒன்று. மூத்தவருக்கு 26,400, இளையவருக்கு 8,800. வழக்கமாகச் செய்வது போல "சராசரி ஆறு மாதம்" என்று போட்டிருந்தால் இருவருக்கும் 18,000தான் வந்திருக்கும், இளையவரின் முறைப்பாடு கணக்கில் தெரிந்தே இருக்காது. ஆறு மாதம் என்ற குறுக்குவழி, மாதாமாதம் ஒரே தொகையை மாதத்தின் நடுவில் எடுப்பவருக்கு மட்டுமே பொருந்தும். கடல் கொந்தளிக்கும் மாரியும் பெருநாளும் கல்யாணமும் பார்த்து எடுக்கிற நமக்குப் பொருந்தாது.

மாணவர்கள் அதிகம் பிழை விடுவது மாதத்தை எண்ணுவதில்தான். ஏப்ரல் 1 என்றால் 12, ஏப்ரல் 30 என்றால் 11. எண்ணியது சரிதானா என்று பார்க்க ஒரு வழி: பெருக்குத்தொகையின் கூட்டை எடுத்த மொத்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். மூத்தவருக்கு 8.8 மாதம், இளையவருக்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரியாக எத்தனை மாதம் அவர் காசு வெளியே இருந்தது என்பதுதான் இந்த எண். இது 12ஐத் தாண்டினால் எங்கோ பிழை. ஆரம்பத்தில் அதிகம் எடுத்தவருக்குச் சிறிய எண் வந்தாலும் பிழை.

இனி அந்த 26,400 எங்கே போகிறது? வங்கிக்கும் போகாது, வெளியாள் எவருக்கும் போகாது. இருவரின் வட்டியும் சேர்ந்து 35,200 ஆகி, பகிர வேண்டிய இலாபத்தோடு கூடி மறுபடி சரிபாதியாகிறது. வாடியின் இலாபம் 900,000 என்றால் பகிர்வது 935,200, ஆளுக்கு 467,600. அவரவர் வட்டியைக் கழித்தால் மூத்தவருக்கு 441,200, இளையவருக்கு 458,800. இரண்டையும் கூட்டினால் அதே 900,000. அதாவது மூத்தவர் உண்மையில் விட்டுக்கொடுப்பது 8,800 ரூபா மட்டும்.

அப்படியென்றால் இது வட்டி இல்லையா? நம் பார்வையில், வீதத்தை முன்கூட்டியே கட்டி, வாடி நட்டப்பட்டாலும் அந்தத் தொகையை ஒருவர் மீது ஏற்றுகிற வரை உறுத்தல் இருக்கத்தான் செய்யும். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பெருக்குத்தொகையின் மீது நமக்குச் சந்தேகம் இல்லை. அது வெறும் காசும் காலமும். உறுத்துவது கடைசியில் வந்து ஒட்டுகிற வீதம்.

வீதத்தை விட்டுவிட்டும் அதே நிரலைப் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரின் மூலதனம் 1,000,000 × 12 = 12,000,000. அதில் எடுப்பனவின் பெருக்குத்தொகையைக் கழித்தால் மூத்தவருக்கு 9,360,000, இளையவருக்கு 11,120,000. சுருக்கினால் 117:139. இலாபத்தை இந்த விகிதத்தில் பிரித்தால் 900,000இல் மூத்தவருக்கு ஏறத்தாழ 411,300, இளையவருக்கு 488,700. இலாபம் இல்லாத வருஷத்தில் எடுப்பனவுக்காக யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இஸ்லாமிய வங்கிகள் நாள்வாரிப் பெருக்குத்தொகைப்படி இலாபம் பகிர்வதும் இந்த வகைதான். முப்தி தகி உஸ்மானி தம் நூலில் இதை விவாதித்திருக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். வட்டி வேண்டாம் என்ற வழியில் மூத்தவருக்கு இழப்பு கூடுகிறது, குறையவில்லை. அந்த வருஷம் வாடியில் காசு 12 வீதத்துக்கு மேலாக உழைத்ததுதான் காரணம். விடியச் சாமம் எழும்பி மீன் நிறுப்பவர் மூத்தவராக இருந்தால் இது அவருக்கு அநியாயம். அதனால் இலாபத்தில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு காசுக்கு என்பதை வியாபாரம் தொடங்கும்போதே பேசி முடிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பேசப் போனால் சண்டைதான்.

பேசுவதும் போதாது, எழுத வேண்டும். இலங்கையில் செல்லுபடியாகும் 1890 ஆம் ஆண்டு பங்குடமைச் சட்டத்தில் எடுப்பனவுக்கு வட்டி விதிக்க ஏற்பாடே இல்லை. ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் இலாபம் சமபங்கு, எடுப்பனவுக்கு வட்டி இல்லை. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடமைக்கு எழுத்தில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும் என்பது 1840 இலிருந்து இருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆயிரம் ரூபாவுக்கு இன்று ஒரு கிலோ நல்ல மீன் வராது, ஆனாலும் சட்டம் அப்படியே இருக்கிறது.

வாடிகளில் நாம் காணும் கொப்பிகளில் தொகை இருக்கும், ஆள் பெயர் இருக்கும், திகதி இருக்காது. "மச்சான் 20,000" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த முறையாலும் கணக்குப் பார்க்க முடியாது. வீட்டுக்குக் கொண்டு போகும் மீனும் எடுப்பனவுதான், வாங்கின விலைக்கு அதே கொப்பியில் திகதியோடு ஏற வேண்டும். திகதி, தொகை, மிச்ச மாதம், பெருக்குத்தொகை என்று நாலு கோடு இழுத்தால் போதும். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கொப்பியை அவர்களிடம் கொடுங்கள், அரை மணித்தியாலத்தில் கூட்டித் தருவார்கள்.