மூன்றரைக்குப் பிறகு பார்க்கும் சார்ட்

சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் கோரமண்டல் டவர்ஸ், மயிலாப்பூர், அடையாறு வாசகர்கள் பலர் தினமும் கடந்துபோகும் கட்டடம். 2024இல் இந்தியா சிமெண்ட்ஸின் தலைமையகம் அங்குதான் இருந்தது. 2024 ஜூலை 28 அன்று, அந்த நிறுவனத்தின் புரமோட்டர் தரப்பிடமிருந்து 32.72 சதவீதப் பங்குகளைப் பங்குக்கு 390 ரூபாய் கொடுத்து வாங்கப்போவதாக அல்ட்ராடெக் அறிவித்தது. பொதுப் பங்குதாரர்களுக்கும் அதே 390 ரூபாயில் ஓப்பன் ஆஃபர். அன்று ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை இரவு டெய்லி சார்ட் பார்த்து, திங்கள் காலைக்கு ஆர்டர் போட்டு வைத்தவர் வரைந்த சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கோடுகளுக்கு அந்த ஒரு அறிவிப்போடு பொருள் போய்விட்டது. 390 என்ற எண் வந்தபிறகு அதற்கு மேல் அதிகம் கொடுத்து வாங்க ஆள் குறைவு. கீழே மலிவாக விற்கவும் ஆள் குறைவு. அந்த டிசம்பர் இறுதியில்தான் கொள்முதல் முடிந்தது. இப்படிப்பட்ட காலத்தில் விலை குறுகிய எல்லைக்குள் அசைந்தால், அது பிரேக்அவுட்டுக்கு முந்தைய ஒடுக்கம் போலவே சார்ட்டில் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் ஆஃபர் விலை. வேலை முடிந்து இரவில் சார்ட் பார்ப்பவரின் செக்லிஸ்டில் சார்ட் இரண்டாவதாகத்தான் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முதலில் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளையும் போர்டு மீட்டிங் தேதியையும் பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காலாண்டு முடிவு வருகிறதென்றால், அந்தப் பங்கை அன்றைக்கு விட்டுவிடலாம். சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, எந்த குளோசிங் விலையைப் பார்க்கிறோம் என்பது. என்எஸ்இயின் நெடுநாள் முறைப்படி குளோசிங் விலை என்பது கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் அளவு சார்ந்த சராசரி. மூன்றரைக்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை வேறு. ரெசிஸ்டன்ஸைச் சில காசு வித்தியாசத்தில் தாண்டிய பங்கு, நாலு மணிக்குப் பார்த்தால் பிரேக்அவுட்டாகவும், இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் கோட்டுக்குக் கீழேயும் இருக்கலாம். தி.நகரில் ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் அவசரமாகப் பார்ப்பதைவிட, வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதுதான் பணம் போகிற இடம். ஒரு பங்கு ஆறு வாரம் 228க்கும் 250க்கும் இடையில் கிடந்து, நல்ல வால்யூமோடு 252இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் விலை 254, ஸ்டாப்லாஸ் 240. முதல் 5 லட்சம். ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது. வழக்கமான கணக்குப்படி 5,000ஐ 14ஆல் வகுத்து 357 பங்கு வாங்குவார்கள். திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தும். நம்மைப் போன்றவர்கள் அந்த 14 ரூபாயோடு ஒருநாள் ஏடிஆரையும் சேர்க்கவேண்டும். ஏடிஆர் 6 என்றால், 5,000ஐ 20ஆல் வகுத்து 250 பங்கு. ஒருநாள் காலை விலை 230இல் திறந்தால் 357 பங்குக்கு நஷ்டம் 8,568 ரூபாய். 250 பங்குக்கு 6,000. வரம்பு அப்போதும் மீறப்படுகிறது, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்கு.

ஆர்டரிலும் கவனம் வேண்டும். 254க்கு வெறும் லிமிட் ஆர்டரை இரவே போட்டு வைத்தால், காலையில் பங்கு 246இல் திறந்தாலும் அது நிறைவேறிவிடும். பிரேக்அவுட் தோற்ற பங்கு கைக்கு வந்துவிடும். அதனால் டிரிகர் 252.50, லிமிட் 254 என்று போடுங்கள். விலை மேலே வந்தால்தான் ஆர்டர் உயிர்பெறும்.

விற்கும் பக்கம் இதைவிட ஆபத்தானது. ஜிடிடியில் டிரிகர் 240, லிமிட் 239.50 என்று வைப்பவர்கள் அதிகம். பங்கு 230இல் திறந்தால் டிரிகர் அடிக்கும், விற்பனை ஆர்டர் 239.50இல் போய் நிற்கும், வாங்க ஆள் இருக்காது. மாலையில் பார்த்தால் பங்கு 222இல் நம் கணக்கிலேயே கிடக்கும். லிமிட்டை 226 போல நன்றாகக் கீழே வையுங்கள். அதனால் 226க்கே விற்றுவிடாது. அந்த நேரத்தில் கிடைக்கும் நல்ல விலைக்கே, ஏறக்குறைய 230க்கு, விற்கும். லிமிட் அன்றைய விலை வரம்புக்கு வெளியே போனால் மட்டும் ஆர்டர் நிராகரிக்கப்படும்.

இன்னொன்று. டிடிபிஐ கையெழுத்திட்டுக் கொடுக்காதவர்கள் டிமேட்டில் உள்ள பங்கை விற்க அன்றன்று டிபின் போட்டு அனுமதி தரவேண்டும். காலை 9:15க்கு நீங்கள் பறக்கும் ரயிலில் இருக்கும்போது டிரிகர் அடித்தால், அனுமதி இல்லாத காரணத்தால் விற்பனை நின்றுபோகலாம். ஜிடிடியை நம்பி இருப்பவர் டிடிபிஐயை முதலில் முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு இரவும் புதிய சார்ட்டைத் திறக்கும் முன், அன்றைக்கு டிரிகர் ஆகியும் நிறைவேறாத விற்பனை ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று ஆர்டர் புக்கைப் பாருங்கள். இருந்தால், அடுத்த காலை முதல் வேலை அந்தப் பங்கை விற்பதுதான்.